மாசக்கடைசி லோடும் இரண்டாவது லாரியும்

கடலூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலையிலிருந்து சென்னை மாதவரத்துக் குடோனுக்கு மூட்டைச் சரக்கு ஏற்றிப் போகும் ஆறு சக்கர லாரி ஒன்றுதான் எங்கள் குடும்பத்துத் தொழில். ஆரம்பித்தது பெரியப்பா. இப்போது ஓட்டுவது அவர் மகன், எனக்கு அண்ணன். கணக்கு எழுதுவது நான். அப்பா இருந்தவரை அவர் எழுதினார். அப்புறம் நோட்டு என் கைக்கு வந்தது. லாபம் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. அதனால் பெரிய செலவு எதுவானாலும் அண்ணனும் நானும் சேர்ந்துதான் முடிவெடுப்போம்.

போன மார்கழியில் அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினான். பின்னாலேயே போனும் வந்தது.

"பாப்பா, சங்ககிரியில வண்டி ஒண்ணு இருக்கு. 2019 மாடல், நம்ம வண்டி மாதிரியேதான். பதினஞ்சரை லட்சம் சொல்றாங்க. பேர் மாத்துறது, டயர், சில்லறை வேலை எல்லாம் சேர்த்தா பதினாறுல முடிஞ்சிடும். நாலு நம்ம கையில இருக்கு. மிச்சம் பன்னெண்டு ஃபைனான்ஸ் போட்டா நாலு வருஷத்துல அடைச்சிடலாம்."

அவன் இதை ஆசைப்பட்டு மட்டும் கேட்கவில்லை. தொழிற்சாலையின் டிஸ்பாட்சில் இருப்பவர் ஒவ்வொரு மாதமும் சில தடவையாவது "இன்னொரு வண்டி இருக்கா?" என்று கேட்கிறார். இவன் இல்லை என்கிறான். இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அவர் கேட்பதை நிறுத்திவிடுவார். ஒரே வண்டி வைத்திருந்தால் அது ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளில் தொழிலே நிற்கிறது. எஃப்சிக்கு விட்டால் வாரம் முழுக்க வருமானம் இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். "ஒரு வண்டி இருந்தா நம்ம டிரைவர், ரெண்டு இருந்தாதான் டிரான்ஸ்போர்ட்" என்று அவன் சொன்னதை நான் சும்மா பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவே அவன் ஒரு கணக்கும் போட்டு வைத்திருந்தான். எங்கள் டிரிப் நோட்டிலிருந்து எடுத்த கணக்குதான். அதை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

2018-ல் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. வண்டியின் சொந்த எடை போகப் பதினோரு டன் தாராளமாக ஏற்றலாம். கடலூரிலிருந்து புதுச்சேரி, திண்டிவனம், செங்கல்பட்டு வழியாக வண்டலூர் போய், அங்கே வெளிவட்டச் சாலையைப் பிடித்து மாதவரம் போய்வர 420 கிலோமீட்டர் ஆகிறது. போகும்போது தொழிற்சாலை தரும் வாடகை 13,000 ரூபாய். வரும்போது மாதவரம் புரோக்கர் மூலம் ரிட்டர்ன் லோடு கிடைத்தால் 8,000. ஆக 21,000. செலவில் பெரியது டீசல். லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் என்று வைத்தால் 76 லிட்டர். புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் போகிற வழியில் அங்கேதான் டேங்க்கை நிரப்புவோம், 6,900 ரூபாய் ஆகும். மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர், வெளிவட்டச் சாலை எல்லாம் சேர்த்துப் போகவர டோல் 2,000. புரோக்கர் கமிஷன், தார்ப்பாய் கட்டுகிற கூலி, சாப்பாடு என்று 1,200. எல்லாம் போக நிற்பது 10,900. ரிட்டர்ன் கிடைக்காமல் காலியாக வந்தால் புரோக்கர் கமிஷன் 800 மிச்சமாகும், நிற்பது 3,700.

மாதத்துக்குப் பன்னிரண்டு டிரிப் போகிறோம். ஒன்பது டிரிப்புக்காவது ரிட்டர்ன் கிடைக்கிறது. அப்படிப் பார்த்தால் மாதம் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் நிற்கும். பன்னிரண்டு லட்சம் கடனுக்கு 14 சதவீத வட்டியில் நாலு வருடத்துக்கு மாதத் தவணை 32,800. "தவணை போக எழுபத்தாறாயிரம் பாப்பா" என்றான் அண்ணன்.

அந்தக் கணக்கில் அவன் எழுதிய எண் எதுவும் தவறில்லை. ஆனால் எழுதாமல் விட்டது கொஞ்சம் இருந்தது. காரணம், எங்கள் நோட்டு அப்படி. முதல் வண்டியை அண்ணனே ஓட்டுவதால் டிரைவர் சம்பளம் என்று ஒரு வரியே அதில் இல்லை. அவன் உழைப்பு லாபத்துக்குள் கலந்திருக்கிறது. இரண்டாவது வண்டிக்கு ஆள் போட்டால், படியும் கூலியும் சேர்த்து டிரிப்புக்கு 2,200 கொடுக்க வேண்டும். டயரும் அப்படித்தான். ஆறு டயர் மாற்றுகிற மாதம் பெரிய செலவாக எழுதுகிறோம், மற்ற மாதங்களில் மறந்துவிடுகிறோம். டயர், ஆயில், சர்வீஸ், கிளட்ச், பிரேக் எல்லாவற்றையும் ஓடும் கிலோமீட்டருக்குப் பிரித்தால் டிரிப்புக்கு 1,500 தனியாக எடுத்து வைக்க வேண்டும். இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், பர்மிட், எஃப்சி எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம், அதாவது மாதம் பத்தாயிரம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது போகும்.

இதையெல்லாம் கழித்தால் ரிட்டர்னோடு வரும் டிரிப்பில் 7,200 நிற்கிறது. காலியாக வரும் டிரிப்பில் நிற்பது பூஜ்யம். 13,000 வாங்கி 13,000 செலவு. இதை எழுதி அண்ணனிடம் காட்டியபோது அவன் நோட்டைத் தன் பக்கம் திருப்பி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். "அப்போ நாம சம்பாதிக்கிறதே வர்ற வழியிலதானா?" என்றான். ஆமாம், அதுதான். போகிற லோடு செலவைக் கட்டுகிறது, வருகிற லோடுதான் வீட்டுக்கு வருகிறது.

சரி, அப்படியும் ஒன்பது டிரிப்புக்கு 64,800. தவணையும் மாதாந்திரச் செலவும் சேர்ந்து 42,800. மிச்சம் 22,000. எழுபத்தாறு இருபத்திரண்டாகச் சுருங்கினாலும் அது லாபம்தானே, வாங்கலாமே என்றான். இந்த இடத்தில் நானும் கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டேன்.

சங்ககிரிக்குப் போய் வண்டியையும் பார்த்துவிட்டு வந்தோம். அண்ணன் வண்டி பார்ப்பதை அன்றைக்குத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். விற்பவர் நாங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, அணைக்கச் சொல்லிவிட்டு டீக்கடைக்கு அழைத்துப் போனான். நன்றாக நேரம் போக்கித் திரும்பி வந்து, இன்ஜின் மேல் கையை வைத்து, ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். ஆறின இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, முதல் புகை என்ன நிறம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றான். பிறகு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயின் மேல் மூடியைச் சும்மா வைத்தான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எரிந்த காற்று கீழே இறங்கி, மூடி துள்ளும், புகையும் குபுகுபுவென்று வரும். மூடி லேசாக நடுங்கியதோடு சரி. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் சேஸிஸில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தான். அதிக பாரம் ஏற்றி அடிவாங்கிய வண்டி அங்கேதான் காட்டிக்கொடுக்கும். முன் டயர் இரண்டும் உள்பக்கமாகத் தேய்ந்திருந்தன. அது அலைன்மென்ட், சரிசெய்யக்கூடியது. ஆர்சியில் பழைய கடன் இன்னும் நீக்கப்படாமல் இருந்தது. ஃபைனான்ஸ்காரர் என்ஓசியும் படிவம் 35-ம் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னேன், அவனும் சரி என்றான்.

மொத்தத்தில் நல்ல வண்டி. பிஎஸ்-6 வருவதற்கு முந்தியது என்பதால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. வண்டியில் குறை இருந்திருந்தால் எங்களுக்கு முடிவெடுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியில் நான் அவனிடம் ஒன்று கேட்டேன். "இரண்டாவது வண்டி போகப்போற லோடு எது?" அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. "தொழிற்சாலை லோடுதான்" என்றான். ஆனால் அந்த லோடைத்தான் முதல் வண்டி ஏற்கெனவே ஏற்றிக்கொண்டிருக்கிறதே. இரண்டாவது வண்டிக்குக் கிடைக்கப்போவது, நாம் இன்றைக்கு இல்லை என்று சொல்லும் லோடு மட்டும்தான். முதல் வண்டியின் சராசரியை எடுத்து இரண்டாவதன் தலையில் வைக்க முடியாது. இல்லை என்று சொன்ன லோடுகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு ஆதாரம் அண்ணனின் வாட்ஸ்அப்பிலேயே இருந்தது. டிஸ்பாட்சிலிருந்து "வண்டி வேண்டும்" என்று வரும், இவன் "வண்டி லோடுல இருக்கு சார்" என்று போட்டிருப்பான். ஆறு மாதத்துச் செய்திகளை இருவரும் உட்கார்ந்து மேலே தள்ளித் தள்ளி, மறுத்த தேதிகளை ஒரு காலண்டரில் வட்டமிட்டோம். மாதத்துக்குச் சராசரியாக ஏழு. எண்ணிக்கையைக் கேட்டதும் அண்ணன் முகம் மலர்ந்தது. ஆனால் வட்டங்கள் விழுந்திருந்த இடத்தைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே 24-ஆம் தேதிக்கு அப்புறம். மாதத்தின் முதல் பாதியில் ஒன்றிரண்டு மாதம் ஒரு வட்டம்கூட இல்லை.

காரணம் எளிது. விற்பனைக் கணக்கு மாதக் கடைசியில் முடிகிறது. அந்த மாதத்து இலக்கை எட்ட 30-ஆம் தேதிக்குள் பில் போட்டுச் சரக்கை வெளியே அனுப்ப வேண்டும். அதனால் மூன்று வாரம் நிதானமாகப் போகும் சரக்கு கடைசி வாரத்தில் ஒரேயடியாகக் கிளம்புகிறது. ஒரு டிரிப் முடிய இரண்டு நாள் ஆகும். ஒரே நாளில் இரண்டு லோடு கேட்டு இரண்டையும் மறுத்த நாள்களும் அந்த வட்டங்களுக்குள் இருந்தன. ஒரு வண்டி அதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இப்படிப் பார்த்தால் இரண்டாவது வண்டி உண்மையில் எடுக்கக்கூடிய லோடு மாதத்துக்கு நான்கு.

இதற்குள் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, அண்ணன்தான் சொன்னான். நோட்டில் அது தெரியாது, ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

மாதவரத்துக் குடோனில் டோக்கன் முறை. விடியற்காலையில் போய் டோக்கன் போட்டால், பத்து மணிக்கு மேல் இறக்குகூலி ஆட்கள் வந்து வரிசைப்படி இறக்குவார்கள். மதியம் மூன்று மணிக்குள் வண்டி காலியானால் புரோக்கரிடம் அன்றைக்கே ரிட்டர்ன் உண்டு. ஐந்து மணிக்கு மேல் ஆகிவிட்டால் தெற்கே போகிற லோடெல்லாம் ஏற்கெனவே போயிருக்கும். அப்புறம் இரண்டே வழி: மறுநாள் வரை காத்துக் கிடக்கலாம், இல்லாவிட்டால் காலியாகத் திரும்பலாம். மாதக் கடைசியில் இதே குடோனுக்கு எல்லாத் தொழிற்சாலைகளிலிருந்தும் வண்டி வந்து குவிகிறது. வரிசை மாதவரம் ரோடு வரை நிற்கும். "நான் காலியா வர்ற டிரிப்பெல்லாம் எப்பன்னு பாரு பாப்பா, கடைசி வாரம்தான்" என்றான். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

ஆக இரண்டாவது வண்டிக்குக் கிடைக்கும் நான்கு டிரிப்பும் வரிசையில் நிற்கிற டிரிப், ரிட்டர்ன் தவறுகிற டிரிப். பாதிக்குப் பாதி கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும் இரண்டு டிரிப்புக்கு 14,400. கட்ட வேண்டியது 42,800. மாதம் 28,400 கையை விட்டுப் போகும். முதல் வண்டி சம்பாதிப்பதிலிருந்துதான் அதைக் கட்ட வேண்டும். தவணைக்கும் செலவுக்கும் சரியாக வர வேண்டும் என்றால் ரிட்டர்னோடு ஆறு டிரிப் வேண்டும். மூன்றில் இரண்டுக்கு ரிட்டர்ன் கிடைக்கும் என்று பார்த்தால் ஒன்பது டிரிப். கையில் இருப்பது நான்கு.

இந்த மாதிரி நேரத்தில் என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறோம். தவணை நெருக்கும்போது பதினோரு டன் ஏற்றும் வண்டியில் பதினான்கு ஏற்றத் தோன்றும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. அதோடு அதிகச் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். ஒரு தடவை மாட்டினால் மூன்று நல்ல டிரிப்பின் லாபம் போய்விடும்.

அண்ணன் உடனே விட்டுவிடவில்லை, விட்டிருக்கவும் கூடாது. "வண்டி இருந்தா மாசம் பத்து லோடு தர்றேன்னு டிஸ்பாட்ச் சார் சொல்லியிருக்காரு" என்றான். சரி, அதை எழுத்தில் வாங்கிவா, வாங்கிவிட்டால் நாளைக்கே அட்வான்ஸ் கொடுக்கலாம் என்றேன். போய்க் கேட்டான். அவர் நல்ல மனிதர், மழுப்பவில்லை. வாடகை விகிதத்துக்கு ஒரு வருட ஒப்பந்தம் போடலாம், ஆனால் மாதத்துக்கு இத்தனை லோடு என்று உறுதி எழுத யாருக்கும் அதிகாரம் இல்லை, ஆர்டர் வந்தால்தான் லோடு என்றார். எந்தத் தொழிற்சாலையும் அப்படித்தான் சொல்லும். அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதும் பொய் இல்லை. பத்து லோடு தருவார், கடைசி வாரத்தில் தருவார்.

பெரியப்பா இத்தனை நாளும் குறுக்கே பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் காலண்டரை விரித்து வைத்துக்கொண்டிருந்த அன்றைக்கு வந்து உட்கார்ந்து, 2011-இல் தான் வாங்கிய இரண்டாவது வண்டியைப் பற்றிச் சொன்னார். எனக்கு அந்த வண்டி மங்கலாகத்தான் ஞாபகம். பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் நம்பி வாங்கியது. சீசனில் கோயம்பேட்டுக்குப் பலா, மற்ற நாள்களில் முந்திரி. டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும் வேரோடு சாய்ந்தன. முதல் சில மாதம் அவருக்கு லோடுக்குப் பஞ்சமே இல்லையாம். விழுந்த மரத்தை ஏற்றவே வண்டி போதவில்லை. சுற்றி இருந்தவர்கள் சிலர் அதை நம்பி இன்னும் வண்டி வாங்கினார்கள். மரம் தீர்ந்த பிறகு ஏற்ற ஒன்றும் இல்லை. முந்திரி புதிதாக நட்டால் காய்க்கவே மூன்று நான்கு வருடம், பலா அதற்கும் மேல். தவணை அதுவரை காத்திருக்காது. ஃபைனான்ஸில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"லோடு ஒரே எடத்துலேர்ந்து வந்தா, அது நின்னா எல்லாம் நிக்கும்" என்றார் பெரியப்பா. "இப்ப உங்களுக்கு அந்தத் தொழிற்சாலை ஒண்ணுதான். ஒரு வண்டின்னா வேற லோடு தேடிக்கலாம். ரெண்டு வண்டிக்கு ஒரே நாள்ல தேட முடியாது."

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வண்டி போன நாளில் அவனுக்குப் பதினேழு வயது. அப்புறம் அவனே அடுத்த கேள்வியைக் கேட்டான்: "சரி, வண்டி வேணாம். ஆனா 'இல்ல சார்'னு சொல்றத எப்படி நிறுத்துறது?"

அதற்குத்தான் வெளிவண்டி. மஞ்சக்குப்பத்திலும் முதுநகரிலும் எங்களைப் போல ஒரு வண்டி வைத்து ஓட்டுகிறவர்கள் அண்ணனுக்கு நிறையப் பேரைத் தெரியும். மாதக் கடைசி லோடை எங்கள் பெயரில் எடுத்து அவர்கள் வண்டியில் ஏற்றி அனுப்பலாம். 13,000-ல் 700 நமக்கு, மிச்சம் அவர்களுக்கு. பெரிய லாபம் இல்லை, ஆனால் தொழிற்சாலைக்கு வண்டி கிடைக்கிறது. டயரும் டிரைவரும் நம் தலையில் இல்லை. இதிலும் ஒரு இடத்தில் ஜாக்கிரதை வேண்டும். சரக்குக்குப் பொறுப்பு நம்முடையது. மூட்டை நனைந்தாலும் குறைந்தாலும் தொழிற்சாலை கேட்பது நம்மைத்தான். அதனால் ஆள் தெரியாத வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம். ஏற்றும்போதும் தார்ப்பாய் கட்டிய பிறகும் போட்டோ எடுத்து, எடைமேடைச் சீட்டோடு சேர்த்து வைக்கிறோம்.

வெளிவண்டிக்குப் பணம் கையோடு கொடுக்க வேண்டும், அவருக்கும் அன்றைக்கே டீசல் போட வேண்டுமே. தொழிற்சாலை நமக்குத் தருவதோ, சரக்கு இறங்கிய கையெழுத்துச் சீட்டைக் கொடுத்து நாற்பத்தைந்து நாள் கழித்து. நான்கு லோடு என்றால் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ஒன்றரை மாதம் வெளியே நிற்கும். சங்ககிரி வண்டிக்கு முன்பணமாக வைத்திருந்த நாலு லட்சத்திலிருந்து அதை எடுத்துக்கொள்கிறோம். இந்தக் கணக்கைப் போடும்போதுதான் இன்னொன்றும் தெளிவானது. அந்த வண்டியை வாங்கியிருந்தால் நாலு லட்சமும் அதற்குள் போயிருக்கும். முதல் வண்டிக்கே எப்போதும் இரண்டு லட்சத்துக்கு மேல் தொழிற்சாலையிடம் நிற்கிறது. புதிதாக ஓடும் வண்டியின் முதல் வாடகை கைக்கு வருவதற்குள் ஒரு தவணையாவது கட்டியாக வேண்டும், பில் கொஞ்சம் தாமதமானால் இரண்டு. டீசலுக்குக் கந்துவட்டி வாங்கும் நிலை அப்படித்தான் வருகிறது. நோட்டில் லாபம் காட்டும் மாதத்திலேயே கையில் காசு இல்லாமல் போகும்.

நாற்பத்தைந்து நாள் என்பது சில மாதங்களில் அறுபதாக நீண்டுகொண்டிருந்தது. உத்யம் இணையதளத்தில் நம் தொழிலைப் பதிவு செய்து அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் போடத் தொடங்கினேன். பதிவு இலவசம். குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006 சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஏப்ரலில் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டிக் கொடுத்தால் கொடுக்கிற வருடம் வரை அதை அவர்கள் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. அதனால் அவர்கள் கணக்குப் பிரிவே இப்போது தேதியைப் பார்க்கிறது.

மாதத்தின் நடுவில் லோடு தேடுவது அண்ணன் பொறுப்பு. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் பச்சை முந்திரிக் கொட்டை பண்ருட்டிக்கு வருகிறது, அதற்கு மாதக் கடைசி என்றெல்லாம் கிடையாது. ஓடு, பருப்பு இரண்டையும் வெளியே அனுப்ப வண்டி வேண்டும். மூன்று முந்திரிக் கம்பெனிகளில் போய்ப் பேசியிருக்கிறான், ஒருவர் மாதம் இரண்டு லோடு கொடுத்துப் பார்க்கிறார். அதையும் வெளிவண்டியிலும் நம் வண்டியிலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துத் தனி நோட்டில் எழுதுகிறேன். ஒரு வண்டியால் எடுக்க முடியாத லோடு, மாதம் முழுக்கப் பரவலாக, ஒன்பது சேர்ந்து மூன்று மாதம் தொடர்ந்து வந்தால் வண்டி வாங்குவது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். அதில் பாதியாவது தொழிற்சாலை அல்லாத லோடாக இருக்க வேண்டும் என்பது பெரியப்பா சேர்த்த நிபந்தனை.

இதற்கிடையில் அண்ணன் ஒரு பையனை வண்டியில் ஏற்றியிருக்கிறான். கனரக லைசென்ஸ் இருக்கிறது, நெடுந்தூரம் ஓட்டிப் பழக்கம் இல்லை. திண்டிவனம் வரை அவன், அதற்கு மேல் அண்ணன். இரண்டாவது வண்டி வரும்போது டிரைவர் தேடி அலைய வேண்டியதில்லை, வராவிட்டாலும் அண்ணனுக்கு மாதத்தில் சில இரவுகள் வீட்டில் தூக்கம் கிடைக்கும். அந்தப் பையனின் கூலியை டிரிப் நோட்டில் தனி வரியாக எழுதுகிறேன். அவனுக்கு மேலே இன்னொரு வரியும் இப்போது இருக்கிறது, அண்ணன் ஓட்டிய கூலி. சங்ககிரி வண்டியை வேறொருவர் வாங்கிவிட்டதாகக் கேள்வி.